நாலு வரியில் ஒருத்தியைச் சொல்வது

போன மாதம் என் மனைவி காலமாகி ஒரு வருஷம் ஆனது. முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி அட்டை அடிக்க வேண்டும் என்று பெரியவன் ஓசூரில் இருந்து வந்திருந்தான். கடைத்தெருவில் இருக்கும் டி.டி.பி. கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். படம் தயாராக இருந்தது. எங்கள் மகள் கல்யாணத்தில் எடுத்த படம். படத்துக்குக் கீழே நாலு வரி போட இடம் விட்டிருந்தார்கள்.

"ஐயா, நம்மகிட்ட ரெடியாவே இருக்குது. பாத்து எது வேணும்னு சொல்லுங்க" என்று கடைத் தம்பி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். தாய்க்கு ஆறு, தகப்பனுக்கு ஆறு, மனைவிக்கு நாலு என்று வரிசையாக வைத்திருந்தார். சிரித்த முகம், குளிர்ந்த பார்வை, குங்குமம் வைத்த நெற்றி, மலர்ந்த இதழ் என்று போனது. குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல தமிழ்தான். ஆனால் நாலையும் படித்துவிட்டு நான் தம்பியிடம் ஒன்று கேட்டேன். "இதே வரியைப் போன வாரம் யாருக்காச்சும் போட்டீங்களா?" அவர் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "போட்டோங்க ஐயா, ரெண்டு பேருக்கு" என்றார்.

அப்படியானால் எனக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். பையனுக்கு வருத்தம். "அப்பா, அப்ப நீங்களே எழுதிக் குடுங்க" என்றான். சரி என்று சொல்லிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வேலை எவ்வளவு கஷ்டம் என்று. நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்தவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், என் பேனாவும் நெற்றி, சிரிப்பு, கண் என்றுதான் போகிறது. கடைத் தம்பியின் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு வழி கிடைத்தது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். நான் தமிழ் படித்தவன் இல்லை. மின்வாரியத்தில் கம்பம் ஏறி இறங்கி 2010இல் ஓய்வு பெற்றவன். ஆனால் பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். மாலையில் நானும் அவரும் கோயில் பக்கம் நடப்போம். என் சங்கடத்தைச் சொன்னதும் அவர் குறுந்தொகையைக் கையில் கொடுத்து, கடைசியில் இருந்து மூன்றாவது பாட்டைப் படித்துப் பாருங்கள் என்றார்.

குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு இருக்கிறது. அவர் காட்டியது 399. பாடியவர் பரணர். நாலே அடி. அருஞ்சொல் குறிப்பும் உரையும் வைத்துக்கொண்டு படித்தேன். அதில் ஒரு பெண் தன் தோழியிடம் பேசுகிறாள். காதலன் கூட இருக்கிறபோதும் பிரிகிறபோதும் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறாள். பிரிவினால் பெண்ணின் மேனி வெளுத்து மஞ்சள் பாய்வதைப் பசலை என்பார்கள். அந்தப் பசலை ஊரார் தண்ணீர் எடுக்கும் கேணியில் படர்ந்த பாசி மாதிரி இருக்கிறதாம். அவன் கை பட்ட இடத்தில் விலகுகிறது, கை எடுத்த இடத்தில் மறுபடியும் வந்து மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் சின்ன வயசு ஞாபகம் வந்தது. இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படி வைத்த இறங்கு கிணற்றிலும் குட்டையிலும் தண்ணீர் எடுத்தவர்கள்தானே நாம் எல்லாரும். மேலே பச்சையாகப் பாசி மூடியிருக்கும். குடத்தின் அடியை வைத்து இப்படியும் அப்படியும் ஒரு தள்ளு தள்ளினால் வட்டமாக இடம் விடும். அதற்குள் குடத்தைச் சாய்த்து முழுக்கிவிட வேண்டும். பக்கத்து ஆளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினால் பாசி ஓரத்தில் இருந்து நகர்ந்து வந்து பழையபடி மூடியிருக்கும். என் அம்மா அதைத் திட்டிக்கொண்டேதான் தண்ணீர் மொண்டு வருவாள்.

பரணர் அந்தப் பாசியைத்தான் எடுத்திருக்கிறார். அதில் மூன்று விஷயம் எனக்குப் படுகிறது. முதலாவது, கை பட்டதும் பாசி அழிந்துபோவதில்லை, ஒதுங்கி நிற்கிறது. ஆகவே அவன் வந்துவிட்டால் அவள் கவலை தீர்ந்தது என்று பாட்டு சொல்லவில்லை. அவன் கை இருக்கிற இடத்தில், இருக்கிற நேரம் மட்டும் தீர்ந்தது. இரண்டாவது, பாசி நின்ற தண்ணீரில்தான் இப்படி மூடும். இருமத்தூர் பக்கம் தென்பெண்ணையில் வெள்ளம் ஓடும்போது இந்த மாதிரிப் பாசியைப் பார்க்க முடியாது. அவன் எங்கெங்கோ போகிறவன், வருகிறவன். அவள் ஓர் இடத்தில் நிற்கிறவள். அதைத் தனியாகச் சொல்லாமல் கேணி என்ற ஒரு சொல்லில் வைத்துவிட்டார். மூன்றாவது, அது ஊருக்குப் பொதுவான கேணி. ஊரில் எல்லாரும் பார்ப்பார்கள். அவள் மேனியில் பசலை வருவதும் போவதும் ஊர்க் கண்ணில் படும், ஊர் பேசும். சீக்கிரம் கல்யாணத்தைப் பேசி முடித்தால் தேவலை என்ற அவசரமும் அதற்குள் இருக்கிறது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காதலன் எப்படி இருப்பான்? உயரமா, குட்டையா, கறுப்பா, சிவப்பா? பாட்டில் ஒரு வார்த்தை கிடையாது. பெயர் கூடக் கிடையாது. அகப்பாட்டில் தலைவன் தலைவி பெயரைச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது என்றார் வாத்தியார். பெயரும் இல்லை, முகமும் இல்லை. ஆனால் அவன் அவளுக்கு என்னவாக இருக்கிறான் என்பதில் சந்தேகம் வருகிறதா? எனக்கு வரவில்லை. அவன் கை எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவு தூரம் அவள் தேறுகிறாள். இதைவிடத் துல்லியமாக ஒரு ஆளை எப்படி அளப்பது?

என் தொழிலில் இது எனக்குப் பழக்கமான விஷயம். மின்சாரத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கம்பியைப் பார்த்தால் கரண்ட் இருக்கும் கம்பியும் இல்லாத கம்பியும் ஒரே மாதிரிதான் இருக்கும். இருக்கிறதா இல்லையா என்று தெரிய டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்ப்போம். பல்பு எரிந்தால் இருக்கிறது. மங்கலாக எரிந்தால் வோல்டேஜ் குறைவு. கம்பியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாதது, பல்பைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பரணர் பாட்டில் அந்தப் பெண்தான் பல்பு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பசலையும் தோற்றம்தானே, மேனி நிறம்தானே என்று வாத்தியாரிடம் கேட்டேன். "அது அவ மேனி. அவன் மேனியப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றார். அதுதான் வித்தியாசம். இன்னொன்றையும் அவர் நேர்மையாக ஒத்துக்கொண்டார். சங்கப் பாட்டு எல்லாமே இப்படி இல்லையாம். ஆண்கள் பேசுகிற பாட்டில் நெற்றியும் தோளும் கூந்தலும் நிறையவே வரும். காத்திருக்கிறவர்கள் பேசும்போதுதான் இந்த முறை அதிகம் கைகொடுக்கிறது. வீட்டில் காத்திருந்தவர்களுக்குத் தெரிந்த ஒரு வித்தை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி நம் ஊர்ப் பக்கத்துச் சங்கதிக்கு வருகிறேன். தருமபுரிக்காரர்களுக்கு அதியமானையும் ஔவையாரையும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தகடூர் நம் தருமபுரிதான். சேலம் போகிற வழியில் அதியமான்கோட்டை பெயரைப் பார்க்காமல் யாரும் போக முடியாது. நெல்லிக்கனிக் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதோடு நாம் நிறுத்திக்கொண்டோம். அதியமான் இறந்த பிறகு ஔவையார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 235ஆவதாக இருக்கிறது. மனைவிக்கு நாலு வரி தேடிக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பாட்டு பெரிய பாடமாக இருந்தது.

அதில் அவர் அதியமானின் தோளைச் சொல்லவில்லை, மார்பின் அகலத்தைச் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவருக்கு அதைச் சொல்லத் தெரியாது என்று யாரும் நினைக்க முடியாது. அதே புறநானூற்றில் நூறாவது பாட்டு, அதியமான் தன் பிள்ளையை முதன்முதலில் பார்க்க வந்தபோது அவர் பாடியது. அதில் கையில் என்ன, காலில் என்ன, உடம்பில் வியர்வை, கழுத்தில் புண், கண்ணில் இன்னும் ஆறாத சிவப்பு என்று போட்டோ எடுத்த மாதிரி அடுக்கியிருக்கிறார். உயிரோடு இருந்தவனை அப்படிக் காட்டியவர், செத்த பிறகு அந்த வழியையே விட்டுவிட்டார்.

அப்படியானால் இறந்த பிறகு எதைச் சொல்கிறார்? கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்கிறார். நிறைய இருந்தால் நாங்கள் பாடப்பாடத் தானும் சேர்ந்து குடிப்பான். சோறு கொஞ்சமோ நிறையவோ, பல பேர் கலத்தோடுதான் அவன் கலமும் இருக்கும். கறி உள்ள இடம் எங்களுக்கு, அம்பும் வேலும் வருகிற இடம் அவனுக்கு. அதற்குப் பிறகு ஒன்று சொல்கிறார் பாருங்கள். வாசனை பூசிய அவன் கை, புலால் வாடை வீசும் என் தலையைத் தடவிக் கொடுக்கும் என்கிறார். ஒரு அரசனின் கையைப் பற்றி நமக்குத் தெரிகிறது ஒரே விஷயம்தான். அது யார் தலையைத் தொட்டது, அந்தத் தலை எப்படி இருந்தது என்பது.

பிறகு அந்த வேல். அவன் மார்பில் பாய்ந்த வேல் அங்கே நிற்கவில்லை என்கிறார். பாணர்கள் ஏந்தும் பாத்திரத்தைத் துளைத்து, கை நீட்டி நின்றவர்களின் கையிலும் தைத்து, அவனை நம்பி இருந்தவர்களின் கண் ஒளியை மங்க வைத்து, புலவர்களின் நாக்கில் போய் விழுந்ததாம். ஒரு வேல் எத்தனை பேரைத் தைத்தது என்று கணக்குக் காட்டுகிறார். அதியமான் எவ்வளவு பெரியவன் என்று அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அந்தக் கணக்கைப் பார்த்தால் நமக்கே தெரிகிறது.

சண்டையில் செத்த அரசனுக்கு இந்த முறை சரி, சமையலறையில் இருந்த மனுஷிக்கு எப்படி என்று கேட்கலாம். என் அனுபவத்தில் அங்கேதான் இது இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அதற்கு முன்னால், இந்த முறையில் எழுதப் போனால் எங்கே தப்பு நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானே தப்பு செய்துவிட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் மாற்றத்தைச் சொல்ல வேண்டும் என்றதும் நான் முதலில் எழுதியது இது: அவள் போன பிறகு எனக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, உலகமே இருட்டாகிவிட்டது. வாத்தியார் படித்துவிட்டு, "இது யாருக்கு வேணும்னாலும் பொருந்தும். உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வந்தாலும் இதேதான் எழுதுவீங்க" என்றார். கோபம் வந்தது. யோசித்தால் உண்மை. தோற்றத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் புலம்பலை வைத்தால் அவள் பாட்டை விட்டே போய்விடுகிறாள், நான் மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். கடைத் தம்பியின் வரியாவது அவளைப் பற்றியது. நான் எழுதியது என்னைப் பற்றியது.

பரணர் பாட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அங்கே மாற்றம் இரண்டு பக்கமும் இருக்கிறது. கை பட்டால் இப்படி, எடுத்தால் இப்படி. இரண்டையும் சொன்னால்தான் அந்த மாற்றத்துக்குக் காரணம் அவன்தான் என்று நிரூபணம் ஆகிறது. சுவிட்ச் போட்டால் எரிகிறது, அணைத்தால் அணைகிறது என்றால்தான் இந்த சுவிட்ச் அந்த பல்புக்கு உரியது என்று நாங்கள் முடிவுக்கு வருவோம். எரிகிறது என்று மட்டும் சொன்னால் போதாது.

இன்னொரு சோதனையும் உண்டு. மாற்றம் சின்னதாக, தானாக நடந்ததாக இருக்க வேண்டும். உலகமே இருண்டது என்றால் யாரும் போய்ப் பார்த்து வர முடியாது. பாசி விலகுவதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஔவையார் சொன்ன தலை தடவலும் அப்படித்தான். கண்ணீர் விட்டேன் என்று ஒரு இடத்திலும் அவர் சொல்லவில்லை.

அதே ஔவையார் பெயரில் குறுந்தொகையில் 28ஆவது பாட்டு இருக்கிறது. ஊரே தூங்குகிறது, ஒரு பெண்ணுக்குத் தூக்கம் இல்லை. போய் மோதிக்கொள்ளவா, அடிக்கவா, கூச்சல் போட்டு எல்லாரையும் எழுப்பவா என்று தவிக்கிறாள். காற்று வேறு வந்து அலைக்கிறது. காதலன் என்ற சொல்லே அதில் இல்லை. முழுக்க அவள் தவிப்புதான். அப்படியானால் இது புலம்பல் இல்லையா என்று கேட்டேன். "புலம்பல்தான். ஆனா தூங்கற ஊர் மேல கோவம் வருது பாருங்க, அங்கதான் அவன் இருக்கறான்" என்றார் வாத்தியார். நேற்று வரை அவளும் அந்த ஊரோடு சேர்ந்து தூங்கியவள்தானே. இன்று அந்தத் தூக்கமே அவளுக்கு அநியாயமாகத் தெரிகிறது என்றால் நடுவில் ஒருவன் வந்திருக்கிறான்.

பக்திப் பாட்டிலும் இந்த முறை போயிருக்கிறது. அப்பர் சுவாமிகள் திருவாரூர் மேல் பாடிய தாண்டகத்தில் ஒரு பெண் வருகிறாள். முதலில் அவன் பெயரைக் கேட்கிறாள், அப்புறம் அவன் எப்படி இருப்பான் என்று கேட்கிறாள், அப்புறம் ஊரைக் கேட்கிறாள். கேட்கக் கேட்க அவளுக்கு ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. அம்மா அப்பாவை விடுகிறாள், ஊர் வழக்கத்தை விடுகிறாள், தன்னை மறக்கிறாள், கடைசியில் தன் பெயரும் போய்விடுகிறது. கவனித்தீர்களா? அவன் எப்படி இருப்பான் என்று அவள் கேட்டதைப் பாட்டு சொல்கிறது. என்ன பதில் கிடைத்தது என்று சொல்லவே இல்லை. பதில் அவளிடம் தெரிகிறது, அது போதும் என்று விட்டுவிட்டார். தேவாரம் ஓதுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் ஆறாம் திருமுறையில் அதைத் தேடிப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சினிமாப் பாட்டை எடுத்துக்கொண்டால் நம் காலத்தில் இருந்து இன்று வரை முக்கால்வாசி அங்க வர்ணனைதான். உச்சியில் ஆரம்பித்துப் பாதத்தில் முடிப்பார்கள், அல்லது பாதத்தில் ஆரம்பித்து உச்சிக்குப் போவார்கள். ராகம் நன்றாக இருந்தால் கேட்கிறோம், நடிகை மாறினால் பாட்டும் மாறிவிடுகிறது. 1993இல் வந்த புதிய முகம் படத்தில் வைரமுத்து எழுதி சுஜாதா பாடிய பாட்டு ஒன்று, நேற்றுக்கும் இன்றைக்கும் தனக்குள் என்ன வித்தியாசம் என்று ஒரு பெண் தன்னையே கேட்டுக்கொள்கிற மாதிரி போகும். என் மகள் வயசுக்குழந்தைகள் அந்தக் காலத்தில் ரேடியோவில் விடாமல் கேட்டார்கள். இன்றும் அது பழசாகவில்லை. அதில் யாருடைய மூக்கும் விழியும் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி நான் எழுதிய நாலு வரிக்கு வருகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தது 1976. கல்யாணம் 1979. இடையில் மூன்று வருஷம் நான் எப்படி வேலை செய்தேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. டிரான்ஸ்பார்மர் ஒரு இடத்தில் இருக்கும், பழுது பார்க்க வேண்டிய கம்பம் நாலு வயல் தள்ளி இருக்கும். டிரான்ஸ்பார்மரில் மூன்று பேஸுக்கும் மூன்று பியூஸ் கேரியர் உண்டு. அதை உருவினால் அந்த லைன் செத்தது. உதவிக்கு வந்த ஆள் அங்கே இருந்து "எடுத்தாச்சு" என்று கை காட்டுவார், நான் இங்கே ஏறிவிடுவேன். அவர் இரண்டை உருவிவிட்டு மூன்றாவதை மறந்திருக்கலாம். விவசாயி யாராவது மோட்டார் ஓடவில்லையே என்று வந்து மறுபடி மாட்டியிருக்கலாம். அதையெல்லாம் நான் நினைத்ததே இல்லை.

கல்யாணம் ஆகி இரண்டு மூன்று மாதம் இருக்கும். மழைக்காலம். அந்தி நேரம். வழக்கம்போல ஆள் கை காட்டினார். நான் கம்பத்தில் ஒரு கால் வைத்தவன், எடுத்துவிட்டு, சேற்றில் நாலு வயல் நடந்து டிரான்ஸ்பார்மருக்குப் போனேன். மூன்றும் உருவித்தான் இருந்தது. அந்த மூன்றையும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். இனி யாரும் மாட்ட முடியாது, என் பையில் அல்லவா இருக்கிறது. டெஸ்ட் லேம்பையும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு ஏறினேன். கூட வேலை பார்த்தவர் சிரித்தார். "கல்யாணம் பண்ணவனுக்கு பயம் வந்திருச்சுடா" என்றார். அன்றில் இருந்து ஓய்வு பெறும் நாள் வரைக்கும் கேரியர் பையில் இல்லாமல் நான் கம்பம் ஏறியதில்லை.

இதில் முக்கியமான விஷயம், அவள் ஒருநாளும் என்னிடம் ஜாக்கிரதை என்று சொன்னதில்லை. கரண்ட் வேலையைப் பற்றிக் கேட்டதும் இல்லை. "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்பாள். வந்துவிட்டவனைப் பார்த்து அப்படிக் கேட்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று அந்த நாளில் நான் கேலி செய்திருக்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொன்னால்தான் நிரூபணம் முழுமை ஆகும் என்று மேலே சொன்னேன் அல்லவா? இரவில் லைன் பழுது பார்த்துவிட்டு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் வருவேன். கதவைத் திடீரென்று தட்டினால் அவள் பதறுவாள் என்று தெரு முனையிலேயே சைக்கிள் பெல்லை இரண்டு தடவை அடிப்பேன். வீட்டு வாசலுக்கு வரும்போது தாழ்ப்பாள் எடுக்கும் சத்தம் கேட்கும். ஓய்வு பெற்று ஸ்கூட்டருக்கு மாறிய பிறகும் தெரு முனையில் ஹாரன் இரண்டு தடவை அடிப்பது என் பழக்கம். இந்த ஒரு வருஷமாக நான் அடிப்பதில்லை. வேண்டும் என்று நிறுத்தவில்லை. காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டுப் பெரியம்மா, "ஏப்பா, நீ வர்றதே இப்பல்லாம் தெரியறதில்லையே" என்று கேட்டபோதுதான், நான் நிறுத்திவிட்டேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

ஆகவே அட்டையில் இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். அவள் வந்த பிறகு நான் பியூஸ் கேரியரைப் பையில் போட்டுக்கொண்டு கம்பம் ஏறினேன், அவள் போன பிறகு தெரு முனையில் ஹாரன் அடிக்க மறந்துவிட்டேன் என்று. அடியில் அவள் பெயரும் தேதியும். பையன் படித்துவிட்டு, "அப்பா, அம்மா எப்படி இருந்தாங்கன்னு ஒரு வார்த்தை கூட இல்லையே. நாளைக்குப் பேரப்பிள்ளைங்க படிச்சா என்ன தெரியும்?" என்றான். எப்படி இருந்தாள் என்பதற்குத்தான் மேலே படம் இருக்கிறதே என்றேன். அவன் வாதம் செய்யவில்லை. ஆனால் பியூஸ் கேரியர் என்று அஞ்சலி அட்டையில் போடலாமா என்று அவனுக்கும் கடைத் தம்பிக்கும் ரொம்ப நேரம் தயக்கம். கடைசியில் போட்டார்கள்.

அட்டை கொடுக்கப் போன வீடுகளில் பாதிப் பேர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும், அன்று சேற்றில் நின்று சிரித்தவரேதான், வாசலில் நின்றபடி இரண்டு தடவை படித்தார். பிறகு உள்ளே திரும்பி, "இந்தா, கொஞ்சம் இங்க வா" என்று வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இவர் அட்டையைக் கொடுக்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. "காப்பி போடு, இவரு வந்திருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் இப்படி நாலு வரி எழுத வேண்டிய நாள் வரும். உயிரோடு இருக்கும்போதே எழுதிப் பார்ப்பது இன்னும் நல்லது. கண், நெற்றி, சிரிப்பு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, அவர் வந்த பிறகு நீங்கள் தானாகச் செய்ய ஆரம்பித்த ஒரு காரியம், அவர் ஊரில் இல்லாத நாளில் தானாக விட்டுப்போகிற ஒரு காரியம், இந்த இரண்டை மட்டும் தேடுங்கள். எனக்கு இரண்டைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆனது.